பள்ளி ஆசிரியர் டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது: மூன்று கவர் லெட்டர்களில் எது எடுபடும்?

பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, மென்பொருளைக் கையால் சோதிக்கும் மேனுவல் டெஸ்டர் வேலைக்கு விண்ணப்பிப்பவரின் கவர் லெட்டரைப் பெரும்பாலும் இரண்டு பேர் பார்ப்பார்கள். முதலில் எச்.ஆர். அவருக்கு வரும் சந்தேகம்: "இவ்வளவு ஆண்டு ஆசிரியராக இருந்தவர் ஃப்ரெஷர் சம்பளத்துக்கு வருவாரா, வந்தாலும் நிற்பாரா?" அவரைத் தாண்டினால் டெஸ்ட் லீட். அவருக்கு நீங்கள் ஏன் வேலை மாறுகிறீர்கள் என்பதில் அக்கறை கிடையாது. ஒரு ஸ்கிரீனைக் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள், கண்ட குறையை டெவலப்பருக்குப் புரியும்படி எழுதுவீர்களா என்பதுதான் அவர் கேள்வி.

ஆசிரியர்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஏன் மாறுகிறேன் என்று சொல்லும் காரணக் கடிதம். ஆசிரியர் வேலையும் டெஸ்டிங்கும் எங்கே ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒப்புமைக் கடிதம். டெஸ்டிங் வேலை ஒன்றைச் செய்து அதைக் கையோடு இணைக்கும் சான்றுக் கடிதம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்க்க ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 7 ஆண்டு கணிதம் எடுத்த ஆசிரியை. எம்.எஸ்சி., பி.எட். மாலை நேரப் பயிற்சியில் டெஸ்டிங் படித்திருக்கிறார். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும், 60 பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியின் ஜூனியர் மேனுவல் டெஸ்டர் விளம்பரத்துக்கு எழுதுகிறார்.

முதலில் காரணக் கடிதம். "சிறு வயது முதலே தொழில்நுட்பத்தில் ஆர்வம் உண்டு, சூழ்நிலையால் ஆசிரியர் பணிக்கு வந்தேன், இப்போது என் கனவைத் தொடர விரும்புகிறேன்" என்று தொடங்கும். எழுதுவதற்கு எளிது, மனசுக்கும் ஆறுதல். ஆனால் படிக்கிறவருக்கு இதில் உபயோகமான தகவல் ஒன்றுகூட இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. காரணத்தை விளக்க ஆரம்பித்தால் சம்பளம் போதவில்லை, சனிக்கிழமையும் வேலை, அட்மிஷன் கேன்வாஸுக்கு வீடு வீடாக அனுப்புகிறார்கள் என்று எங்காவது ஒரு வரியில் குறை எட்டிப் பார்த்துவிடும். எல்லாம் நியாயமான குறைதான். ஆனால் ரிலீஸ் வாரத்தில் இரவு 10 மணி வரை உட்கார வேண்டிய ஒரு டீமுக்கு ஆள் எடுப்பவர் அதை வேறு மாதிரிதான் வாசிப்பார்.

ஆனாலும் எச்.ஆரின் சந்தேகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் இடம் இந்த வகைக் கடிதம்தான். அதற்கு அரைப் பக்கம் வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும். ஒன்று, ஃப்ரெஷர் நிலையிலேயே சேரத் தயார் என்பது. இன்னொன்று, எந்தத் தேதியில் சேர முடியும் என்பது. இரண்டாவது வாக்கியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனியார் பள்ளிகளில் கல்வியாண்டு முடியுமுன் விடுவிப்பது அபூர்வம் என்பது எச்.ஆருக்கும் தெரியும். நவம்பரில் விண்ணப்பிக்கும் ஆசிரியர் ஏப்ரல் கடைசியில்தான் வர முடியும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்டர்வியூ முடிந்த பிறகு தெரிந்தால், அதுவரை நடந்தது எல்லாம் வீண். அசல் சான்றிதழ்கள் பள்ளியின் அலமாரியில் இருந்தால், தேதி எழுதுவதற்கு முன்னால் அவற்றை எப்போது திரும்ப வாங்க முடியும் என்று கேட்டு வையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவை வேண்டும்.

இரண்டாவது, ஒப்புமைக் கடிதம். பயிற்சி நிலையங்களில் பெரும்பாலும் எழுதச் சொல்வது இதைத்தான். "45 மாணவர்களைக் கையாண்ட பொறுமை, பெற்றோரிடம் பேசிய தகவல் தொடர்புத் திறன், தவறுகளைக் கண்டுபிடிக்கும் கண்" என்று பட்டியல் போகும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும் எல்லா ஆசிரியரும் இதையே எழுதுகிறார்கள், எதையும் சரிபார்க்கவும் முடியாது. வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பதை டீம் மேனேஜ்மென்ட் என்றும், பெற்றோர் கூட்டத்தை கிளையன்ட் மீட்டிங் என்றும் எழுதினால் டெஸ்ட் லீட் புன்னகைத்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

அதற்காக ஒப்புமையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆசிரியர் வேலையில் சில பகுதிகள் டெஸ்டிங்கேதான். பெயர் மட்டும் வேறு. தேர்வுக்கு முன்பே விடைக்குறிப்பு தயாரிக்கிறீர்கள். ஒரு சோதனையின் படிகளை எழுதும் டெஸ்ட் கேஸில், எதிர்பார்க்கும் விளைவை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். விடையைப் பார்த்த பிறகு குறிப்பு எழுதினால், பார்த்ததையே சரி என்று சொல்லத் தோன்றும். வினாத்தாளுக்கு புளூபிரின்ட் போடுகிறீர்கள், எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண், எந்தப் பாடம் விடுபட்டது என்று அதில் தெரியும். எந்தத் தேவைக்கு எந்த டெஸ்ட் கேஸ் என்று டெஸ்டர்கள் வைக்கும் டிரேசபிலிட்டி அட்டவணையும் அதே வேலையைச் செய்கிறது.

இன்னும் நெருக்கமான ஒன்று விடைத்தாள் திருத்தும் முகாமில் இருக்கிறது. பாதிக் கட்டு திருத்தி முடித்த பிறகு, ஒரு வினாவுக்கு இன்னொரு முறையில் போட்டாலும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் திருத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்? இனி வரும் தாள்களை மட்டும் புதுக்குறிப்பின்படி திருத்தினால் போதாது. முடித்து வைத்த கட்டைப் பிரித்து, அந்த ஒரு வினாவைப் பொறுத்தவரை எல்லாத் தாளையும் மறுபடி பார்த்து, மொத்தத்தையும் மறுபடி கூட்ட வேண்டும். ஒரு மாற்றம் வந்ததும், ஏற்கெனவே சரியென்று விட்டதையும் அந்த மாற்றம் தொட்டிருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதுதான் ரெக்ரஷன் டெஸ்டிங். பொதுத்தேர்வு முகாமுக்குப் போனவர் இதை இரண்டு வாக்கியத்தில் எழுதினால், பொறுமை, திறன் என்று அடுக்கிய பட்டியலை விட அது எடையுள்ளது.

ஆக, ஒப்புமைக் கடிதத்தில் நிற்பது செயல்தான், குணம் நிற்பதில்லை. "கவனமானவள்" என்பதைத் தூக்கிவிட்டு, கவனமாக எதைச் செய்தீர்கள் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் இந்த வகைக் கடிதத்துக்கு ஓர் எல்லை உண்டு. டெஸ்டிங்கைப் புரிந்துகொண்டவர் என்பது வரைக்கும்தான் அது காட்டும். செய்யத் தெரியுமா என்பது அப்போதும் தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்புவது மூன்றாவதான சான்றுக் கடிதம். ஏதாவது ஒரு மென்பொருளை உண்மையாகவே சோதித்து, ஒரு பக் ரிப்போர்ட்டையும் ஒரு பக்க டெஸ்ட் கேஸ்களையும் பி.டி.எஃப். ஆக இணைப்பது. கடிதத்தின் முதல் வாக்கியமே அந்த வேலையைப் பற்றியதாக இருக்கும்.

எதைச் சோதிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பயிற்சி நிலையத்தில் கொடுத்த டெமோ ஷாப்பிங் தளத்தையே அனுப்பிவிடுவார்கள். saucedemo.com போன்ற தளங்களில் குறைகள் பழகுவதற்காக வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. `problem_user` என்ற பெயரில் நுழைந்தால் எல்லாப் பொருளுக்கும் ஒரே தவறான படம் வரும் என்பது டெஸ்டிங் படித்த பலருக்கும் தெரியும். அதைக் கண்டுபிடித்ததாக எழுதினால், புத்தகத்தில் விடை போட்ட கணக்கைப் போட்டுக் காட்டியது போல ஆகிவிடும். பழக நல்ல தளம், அனுப்ப ஏற்றதல்ல.

அதைவிட மோசமானது, பள்ளியில் நீங்கள் தினமும் திட்டிக்கொண்டே பதிவேற்றிய எமிஸ் தளத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைப்பது. அதில் உண்மையான மாணவர்களின் பெயரும் விவரமும் இருக்கும். வாடிக்கையாளர் தரவைப் பாதுகாக்க வேண்டிய வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே பிள்ளைகளின் தரவை வெளியே அனுப்பியவர் என்று ஆகிவிடும். வங்கித் தளம், அரசுத் தளம் ஆகியவற்றில் அனுமதியில்லாமல் நோண்டிப் பார்ப்பதும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் கீழ் அது சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

ஆசிரியர்களுக்குப் பொருத்தமான ஒன்று மூடுல். பள்ளி, கல்லூரிகள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் கல்வி மென்பொருள். யார் வேண்டுமானாலும் நுழைந்து பார்க்கலாம் என்று அவர்களே sandbox.moodledemo.net என்ற தளத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் பதிவேடு, தேர்வு, ஒப்படைப்பு எல்லாம் அதில் உண்டு. எது எப்படி நடக்க வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குறைகளைப் பதிவு செய்ய ஒரு பொது டிராக்கரும் இருக்கிறது, அங்கே பதிவாகும் ஒவ்வொன்றுக்கும் MDL என்று தொடங்கும் எண் கிடைக்கும். பதிவதற்கு முன் அதே குறையை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள், தேடாமல் பதிந்தால் நகல் என்று மூடிவிடலாம். ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: அந்த டெமோ தளம் மணிக்கொரு முறை அழிக்கப்பட்டுப் புதிதாகிவிடும். ஸ்கிரீன்ஷாட்டை அப்போதைக்கப்போதே எடுத்து வைக்காவிட்டால், செய்து வைத்த பாடமும் மாணவரும் காணாமல் போய்விடுவார்கள்.

சோதனையில் என்ன எழுதுவது? மதிப்பெண் பெட்டி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100, தேர்ச்சிக்கு 35 என்று விதி. 20 தட்டினால் தோல்வி, 50 தட்டினால் தேர்ச்சி என்று பார்த்துவிட்டு முடித்துவிடுவது புதியவர் செய்வது. டெவலப்பர் `mark >= 35` என்பதற்குப் பதில் `mark > 35` என்று எழுதியிருந்தால், அந்த இரண்டு எண்ணாலும் குறை வெளியே வராது. சரியாக 35 வாங்கிய பிள்ளை மட்டும் தோல்வியாகிவிடும். குறைகள் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். எனவே எல்லையையும், எல்லையைத் தாண்டிய அடுத்த எண்ணையும் எடுக்க வேண்டும்: -1, 0, 34, 35, 100, 101. ஆறே எண்கள். இதன் பெயர் எல்லை மதிப்புப் பகுப்பாய்வு, டெஸ்டர்கள் பேச்சில் பவுண்டரி வேல்யூ. அதன் பிறகு ஆசிரியருக்கே தோன்றுபவை: வராத பிள்ளைக்கு AB என்று தட்டினால் ஏற்குமா, 0 என்று மாற்றிக்கொள்ளுமா? 34.5 தட்டினால் 35 ஆக முழுமையாக்குமா? பெட்டியைக் காலியாக விட்டுச் சேமித்தால்? வராததும் பூஜ்யமும் ஒன்றல்ல என்பது மதிப்பெண் பட்டியல் போட்ட யாருக்கும் தெரியும். புரோகிராம் எழுதியவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும் என்று இல்லை.

குறை கிடைத்தால், அதை எழுதும் விதத்தில்தான் லீட் உங்களை எடை போடுவார். "மதிப்பெண் சரியாகப் பதிவாகவில்லை" என்று தலைப்பு எழுதினால் டெவலப்பர் உங்களைக் கூப்பிட்டுத்தான் விவரம் கேட்க வேண்டியிருக்கும். "மொத்தம் 100 உள்ள தாளில் 101 தட்டிச் சேமித்தால் பிழைச் செய்தி வராமல் பதிவாகிறது" என்றால் தலைப்பிலேயே பாதி வேலை முடிந்தது. அதன் கீழே: எந்த பிரவுசர், எந்த வெர்ஷன், எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், எந்தப் பயனராக நுழைந்து, எதை அழுத்தி, எதைத் தட்டினீர்கள் என்று எண்ணிட்ட படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, 5 முறை செய்ததில் எத்தனை முறை வந்தது, ஸ்கிரீன்ஷாட். சீவியாரிட்டியும் பிரயாரிட்டியும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். முன்னது குறையால் ஏற்படும் பாதிப்பு எவ்வளவு என்பது, பின்னது எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்பது. முகப்புப் பக்கத்தில் பள்ளியின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தால் பாதிப்பு சிறியது, அவசரம் பெரியது. இந்த இரண்டையும் குழப்பிய ரிப்போர்ட்டை இணைப்பதை விட, அந்த இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு அனுப்புவது மேல்.

குறையே கிடைக்கவில்லை என்றால்? டெஸ்ட் கேஸ்களை மட்டும் அனுப்பலாம். இல்லாத குறையை உருவாக்கி எழுதினால் இன்டர்வியூவில் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

சான்றுக் கடிதத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வார உழைப்பு வேண்டும். எச்.ஆர். இணைப்பைத் திறக்கமாட்டார், அவருக்கு முதல் வரியும் கடைசி வரியும்தான். அதனால்தான் நம் கோவை ஆசிரியைக்கு மூன்றில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லாமல், சான்றை முன்னால் வைத்து, ஒப்புமையில் ஒரு பத்தி, காரணத்தில் இரண்டு வரி என்று அளவு போட்டுத் தர வேண்டியிருக்கிறது. அனுப்பும்போது ஆங்கிலத்தில் 200 முதல் 250 சொல்லுக்குள் முடிந்துவிட வேண்டும். உள்ளடக்கம் இப்படி இருக்கும்:

"உங்கள் ஜூனியர் மேனுவல் டெஸ்டர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். மூடுல் மென்பொருளின் மதிப்பெண் பகுதியை அதன் பொது டெமோ தளத்தில் சோதித்து 24 டெஸ்ட் கேஸ்களும் 2 பக் ரிப்போர்ட்டுகளும் எழுதினேன். ஒரு ரிப்போர்ட்டையும் ஒரு பக்க டெஸ்ட் கேஸ்களையும் இணைத்துள்ளேன்.

"7 ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்துவருகிறேன். வினாத்தாளுக்கு புளூபிரின்டும் விடைக்குறிப்பும் தயாரிப்பது, குறிப்பு மாறினால் திருத்திய தாள்களை அந்த வினாவுக்கு மட்டும் மறுபடி சரிபார்ப்பது என் வழக்கமான வேலை. டெஸ்ட் கேஸ் எழுதுவதிலும் ரெக்ரஷனிலும் இதே முறையைப் பயன்படுத்துகிறேன்.

"உங்கள் பில்லிங் மென்பொருளில் தள்ளுபடியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து வரும் பில்லில் பைசா முழுமையாக்கம் எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதை முதலில் சோதிக்க விரும்புவேன். பொருள் வாரியாக முழுமையாக்குவதும் மொத்தத்தில் முழுமையாக்குவதும் வேறு வேறு தொகை தரலாம்.

"ஐ.எஸ்.டி.க்யூ.பி. ஃபவுண்டேஷன் தேர்வில் தேர்ச்சி பெற்றுள்ளேன். ஃப்ரெஷர் நிலையில் சேரத் தயார். கல்வியாண்டு முடிந்து மே 2 முதல் சேர முடியும்."

மூன்றாவது பத்தியைக் கவனியுங்கள். இந்தக் கம்பெனிக்கு மட்டும் எழுதியது அது ஒன்றுதான், மற்ற மூன்றும் அடுத்த விண்ணப்பத்துக்கும் அப்படியே போகும். கணித ஆசிரியை என்பதால் முழுமையாக்கம் அவருக்கு இயல்பாக வருகிறது. தமிழாசிரியர் என்றால் பில்லில் தமிழ்ப் பெயர் நீளமாக இருந்தால் எழுத்து வெட்டுப்படுகிறதா, கொம்பும் காலும் இடம் மாறி அச்சாகின்றனவா என்று கேட்கலாம். தெர்மல் பிரின்டரில் தமிழ் சிதைவது கடைக்காரர்கள் அறிந்த தொல்லைதான்.

ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்ற டெஸ்டிங் சான்றிதழ் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியமாக மட்டும் இருப்பதும் வேண்டுமென்றேதான். அந்தத் தேர்வு 40 கொள்குறி வினாக்கள், 60 நிமிடம், 26 சரியானால் தேர்ச்சி. ஆசிரியருக்குக் கடினமில்லை, விளம்பரத்தில் கேட்டிருந்தால் எச்.ஆர். தேடும் சொல்லும் அதுதான். ஆனால் அதை முதல் வரியில் வைத்தால் படிப்பை மட்டும் காட்டுபவர் என்ற எண்ணம் வந்துவிடும். "தேர்வு எழுத இருக்கிறேன்" என்று எழுதுவதானால் பதிவு செய்த தேதியோடு எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இந்த அளவு மாறும் இடம் ஒன்று உண்டு. பள்ளிகளுக்கான மென்பொருள் செய்யும் கம்பெனி என்றால் ஒப்புமைக் கடிதம் முன்னால் வரலாம். ஆனால் அப்போது டெஸ்டிங்கோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. வருகைப் பதிவேட்டில் மதியம் மட்டும் வந்த பிள்ளையை எப்படிக் குறிக்கிறார்கள், ஆண்டின் நடுவில் டி.சி. வாங்கிப் போனவரின் கட்டணம் என்னவாகும் என்று பள்ளி நடப்பை எழுதினாலே போதும். அந்த அறிவுள்ள டெஸ்டர் அவர்களுக்கு லேசில் கிடைப்பதில்லை.

பெரிய சர்வீஸ் கம்பெனிகளின் ஃப்ரெஷர் அறிவிப்புகளில் எந்தக் கடிதமும் வேலை செய்யாமல் போகலாம். தேர்ச்சி பெற்ற ஆண்டு இது முதல் இதுவரை என்று போட்டிருந்தால், 2014-இல் பட்டம் வாங்கியவரின் விண்ணப்பம் யார் கண்ணிலும் படாமலேயே வடிகட்டப்படும். அங்கே நேரத்தைச் செலவிடாமல், ஆண்டு வரம்பு போடாத சிறிய, நடுத்தர கம்பெனிகளுக்கு எழுதலாம்.

இந்தத் தடையைத் தாண்ட, 3 ஆண்டு டெஸ்டிங் அனுபவம் என்று சான்றிதழ் தருகிறோம் என்று சில கன்சல்டன்சிகள் அழைக்கும். பள்ளியில் பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். எண்ணின் பணி வரலாற்றில் பள்ளியின் பெயரும் தேதிகளும் அப்படியே இருக்கும். சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் இரண்டு இடத்திலும் ஒரே காலத்தில் வேலை செய்ததாகத் தெரிந்தால் வேலை போய்விடும்.

அனுப்பும் முறையில் சிறிய விஷயங்கள்தான் மீதி. கடிதத்தை மெயிலின் உடலிலேயே எழுதுங்கள். கவர் லெட்டரைத் தனி ஃபைலாக இணைத்து உடலில் "இணைப்பைப் பார்க்கவும்" என்றால் பலர் திறப்பதில்லை. தலைப்பு வரியில் பணியின் பெயர், விளம்பரத்தில் எண் இருந்தால் அந்த எண், "பக் ரிப்போர்ட் இணைப்பு" என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருக்கட்டும். ரெஸ்யூமே ஒரு பி.டி.எஃப்., சான்று இன்னொரு பி.டி.எஃப்.; ஃபைல் பெயரில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், `final_new2.pdf` என்று போய்விடக் கூடாது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே மெயிலுக்கு ரிப்ளையாக இரண்டு வரி எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தால் அவர்கள் பெரும்பாலும் அந்த இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். "இந்த மதிப்பெண் பெட்டியில் வேறு எதைச் சோதிக்காமல் விட்டீர்கள்?" என்று கேட்பார்கள். ஒரே மாணவருக்கு இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் மதிப்பெண் பதிந்தால் யாருடையது நிற்கும், எக்செல்லில் இருந்து காப்பி செய்து ஒட்டினால் முன்னால் இருக்கும் இடைவெளியை நீக்குமா, சேமிக்கும் நேரத்தில் நெட் போனால் பாதி வகுப்பு மட்டும் பதிவாகுமா என்று குறைந்தது மூன்றையாவது சொல்லத் தயாராக இருங்கள்.